VLOOKUP பிழையே காட்டாமல் தப்பு விலை தருகிறதா? நாலாவது இடத்தைப் பாருங்கள்

எக்செலில் #N/A வந்தால் நல்லது என்றுதான் நான் சொல்வேன். எங்கோ கோளாறு இருக்கிறது என்று அதுவே கத்திச் சொல்லிவிடும், நாமும் திருத்திவிடுவோம். பார்ப்பதற்கு ஒழுங்கான விலை மாதிரியே இருந்து, பில்லில் ஏறி, வாடிக்கையாளர் கைக்குப் போய், மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது மட்டும் தெரியவரும் எண்தான் ஆபத்து. VLOOKUP இப்படித் தப்பு விலை தருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அடைப்புக்குள் காற்புள்ளி போட்டுப் போட்டு எழுதுவதில் நாலாவது ஆர்க்யூமென்டை எழுதாமல் விட்டிருப்பார்கள், விலைப்பட்டியலும் வரிசையில் இருக்காது.

ஒரு எலக்ட்ரிகல் கடையின் விலைப்பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். Price என்ற ஷீட்டில் A2 முதல் C8 வரை இப்படி இருக்கிறது:

```
E110   3 பின் பிளக்             90
E120   6 ஆம்பியர் சுவிட்ச்        45
E130   6 ஆம்பியர் சாக்கெட்        70
E140   எம்சிபி                 240
E150   எல்இடி பல்பு             115
E160   எக்சாஸ்ட் ஃபேன்         1450
E125   16 ஆம்பியர் சுவிட்ச்      130
```

முதல் ஆறு வரியும் சரக்கின் கோட் வரிசையில்தான் இருக்கின்றன. ஏழாவது புதுச் சரக்கு. சுவிட்ச் என்பதால் E120க்குப் பக்கத்துக் கோடைக் கொடுத்துவிட்டு, வரியை மட்டும் கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாரும் அப்படித்தானே சேர்ப்போம். பில் ஷீட்டில் உள்ள ஃபார்முலா இது:

```
=VLOOKUP(A2,Price!$A$2:$C$8,3)
```

A2வில் E125 என்று அடித்தால் 130 வர வேண்டும், ஆனால் 45 வரும். இருபது சுவிட்சுக்குப் பில் போட்டால் 1700 ரூபாய் போச்சு. E125 பட்டியலில் இல்லாமல் இல்லை, கண் முன்னால் கடைசி வரியில் இருக்கிறது. இருந்தும் எக்செல் அதைப் பார்க்கவே இல்லை.

ஏனென்றால், நாலாவது இடத்தில் ஒன்றும் எழுதாவிட்டால் எக்செல் அதை TRUE என்று எடுத்துக்கொள்ளும், அதாவது அப்ராக்சிமேட் மேட்ச். "ஏறக்குறைய அதே மாதிரி இருப்பதைத் தேடும்" என்று பலர் இதைப் புரிந்து வைத்திருக்கிறார்கள், அது சரியில்லை. எழுத்து ஒற்றுமையை அது பார்ப்பதே இல்லை. பட்டியல் ஏறுவரிசையில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, நாம் கேட்டதற்குச் சமமான அல்லது அதைவிடச் சிறியவற்றில் பெரியதை எடுத்துத் தரும். தேடுவதும் மேலிருந்து ஒவ்வொரு வரியாக அல்ல. அகராதியை நடுவில் திறந்து, தேடும் சொல் முன்னால் இருக்குமா பின்னால் இருக்குமா என்று பார்த்து, ஒரு பாதியை அப்படியே தள்ளிவிடுவோமே, அதே முறைதான்.

E125ஐ அது எப்படித் தேடியது என்று பார்ப்போம். ஏழு வரியில் நடு வரி நாலாவது, அங்கே E140. கேட்டதைவிடப் பெரியது, அதனால் கீழ்ப் பாதி முழுக்க வேண்டாம் என்று தள்ளிவிட்டது, நம் E125 இருக்கும் கடைசி வரியும் அந்த இடத்திலேயே போய்விட்டது. மிச்சம் இருக்கும் மேல் மூன்றில் நடு E120, கேட்டதைவிடச் சிறியது, சரி, கீழே போ. அடுத்தது E130, பெரியது. அதற்கு மேல் பார்க்க வரி இல்லை. E125ஐத் தாண்டாத கடைசி ஆள் E120, அதன் விலை 45, இந்தா பிடி. மூன்றே வரியைப் பார்த்துவிட்டு வந்த பதில் இது.

இதே பட்டியலில் மற்ற ஆறு கோடையும் போட்டுப் பாருங்கள், ஆறுக்கும் சரியான விலை வரும். இதனால்தான் இந்தத் தப்பு மாதக்கணக்கில் பிடிபடாமல் ஓடுகிறது. "நாலைந்து அயிட்டம் செக் பண்ணிட்டேன், எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்ததெல்லாம் பழைய கோட்.

இனி யாராவது விலை அதிகமானது மேலே வரட்டும் என்று அதே பட்டியலை விலைப்படி இறங்குவரிசையில் மாற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். அப்போது கோட் வரிசை E160, E140, E125, E150, E110, E130, E120 என்று ஆகிவிடும். E160 முதல் வரியிலேயே இருக்கிறது, ஆனால் அதைக் கேட்டால் எக்செல் நடுவில் E150ஐப் பார்க்கும், சிறியது, கீழே போ. E130, சிறியது, கீழே போ. E120, அதுவும் சிறியது, முடிந்தது. 1450 ரூபாய் எக்சாஸ்ட் ஃபேனுக்கு 45 ரூபாய் விலை வந்து நிற்கும். மற்றவற்றில் E140, E150 இரண்டுக்கும் தற்செயலாகச் சரியான விலை, பாக்கி நாலுக்கும் #N/A. அந்த நாலையும் பார்த்ததும் ஓடி வந்து திருத்துவீர்கள், ஃபேனைத்தான் கவனிக்க மாட்டீர்கள்.

இந்த இடத்தில் ரொம்பப் பேர் செய்யும் அடுத்த தவறு, பட்டியலைக் கோட் வாரியாக வரிசைப்படுத்திவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது. இன்றைக்குத் தீரும், ஆனால் நாளைக்கு ஒருவர் கடைசியில் ஒரு வரி சேர்த்ததும் பழைய கதைதான். அதைவிட முக்கியமானது, பட்டியல் கச்சிதமாக வரிசையில் இருந்தாலும் இல்லாத கோடுக்கும் அது விலை தரும். கை தவறி E145 என்று அடித்துவிட்டால், அப்படி ஒரு சரக்கே கிடையாது என்று சொல்லாமல் E140இன் 240ஐத் தூக்கிக் கொடுக்கும். விலைப்பட்டியலை வரிசைப்படுத்துவது பார்க்க வசதி, அவ்வளவுதான். சரியான மருந்து இது:

```
=VLOOKUP(A2,Price!$A$2:$C$8,3,FALSE)
```

FALSE என்றால் எக்ஸாக்ட் மேட்ச், அதே கோட் இருந்தால்தான் விலை வரும், இல்லாவிட்டால் #N/A. FALSEக்குப் பதில் 0 போட்டாலும் ஒன்றுதான். 3க்குப் பிறகு காற்புள்ளி மட்டும் போட்டு அடைப்பை மூடினாலும் எக்செல் அதை FALSE ஆகவே எடுத்துக்கொள்ளும், ஆனால் தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள், அடுத்து அந்த ஷீட்டைத் திறப்பவர் தேவையில்லாத காற்புள்ளி என்று அழித்துவிட்டால் மறுபடி TRUE ஆகிவிடும்.

சரி, அப்படியானால் TRUE எதற்குத்தான் இருக்கிறது? அளவுக்குத் தகுந்த தள்ளுபடிக்கு. 1 முதல் ஒன்றும் இல்லை, 10 முதல் 5 சதவீதம், 50 முதல் 8, 100 முதல் 12 என்று ஒரு சின்ன அட்டவணை இருந்தால், 37 என்ற எண் அதில் எங்கேயும் இருக்காது, ஆனாலும் 5 சதவீதம் என்று வர வேண்டும். வரி ஸ்லாபு, மார்க்குக்கு கிரேடு எல்லாம் இதே வகை. அங்கே TRUE வேண்டும், முதல் பத்தி ஏறுவரிசையிலும் இருக்க வேண்டும். ஒரே பில் ஷீட்டில் இரண்டு வகையும் இருக்கும்போது, தள்ளுபடி பத்தியின் ஃபார்முலாவை காப்பி செய்து பட்டியலின் பெயரை மட்டும் மாற்றி விலைப் பத்தியில் ஒட்டுவதுதான் வம்பு வரும் வழி. இந்த இடத்தில் வேண்டுமென்றே போட்டதுதான் என்று பார்ப்பவருக்குப் புரிய, தள்ளுபடியில் TRUE என்றே அடித்து வையுங்கள், காலியாக விடாதீர்கள்.

VLOOKUPஐ மட்டும் திருத்திவிட்டு நிறுத்திவிடவும் முடியாது. INDEX, MATCH சேர்த்து எழுதுபவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கிறார்கள், ஆனால் MATCHஇல் மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டால் அது 1, அதுவும் இதே அப்ராக்சிமேட்தான். அங்கே 0 போட வேண்டும். HLOOKUP அச்சு அசல் VLOOKUP மாதிரியே. LOOKUPஇல் எக்ஸாக்ட் மேட்ச் கேட்கவே வழி கிடையாது, அதனால் விலைப்பட்டியல் பக்கம் அதைக் கொண்டு வராதீர்கள். இவற்றுக்கு மாறாக XLOOKUP ஒன்றும் சொல்லாவிட்டாலும் எக்ஸாக்டாகத் தேடும். எக்செல் 2021, மைக்ரோசாஃப்ட் 365 இரண்டிலும் அது உண்டு, 2019இல் கிடையாது. ஃபைல் பழைய எக்செல் வைத்திருப்பவருக்கும் போகும் என்றால் VLOOKUPக்கு FALSE போட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

உங்கள் ஷீட்டில் ஏற்கனவே எந்த வரியெல்லாம் தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. FALSE போடுவதற்கு முன்பு, பக்கத்துக் காலிப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=VLOOKUP(A2,Price!$A$2:$C$8,1)=A2
```

விலைக்குப் பதில் முதல் பத்தியை, அதாவது கோடையே திருப்பிக் கேட்கிறோம். E125 கேட்டதற்கு E120 வந்தால் இரண்டும் சமமில்லை, FALSE என்று விழும். அந்த வரியின் விலை பெரும்பாலும் வேறு எவனோ ஒருவனுடையது என்று அர்த்தம்.

FALSE போட்டதும் சில இடங்களில் புதிதாக #N/A முளைக்கும். "நேற்று வரை வேலை செய்தது, நீங்கள் தொட்டதும் கெட்டுவிட்டது" என்று சண்டைக்கு வருவார்கள், பயப்படாதீர்கள். சிலது உண்மையிலேயே பட்டியலில் இல்லாத கோடாக இருக்கும். சிலது பில்லில் E130க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டியிருப்பதால் வருவது. பட்டியல் வரிசையில் இருந்தவரை, இடைவெளியோடு இருக்கும் E130 வெறும் E130ஐவிடப் பெரியது என்ற கணக்கில் அதே வரி கிடைத்து, தப்பான முறையில் சரியான விலை வந்துகொண்டிருந்தது. A2 இருக்கும் இடத்தில் TRIM(A2) என்று போட்டால் தீர்ந்துவிடும். கோட் எண்ணாக இருந்தால் ஒரு ஷீட்டில் எண்ணாகவும் இன்னொன்றில் டெக்ஸ்டாகவும் கிடக்கிறதா என்றும் பாருங்கள். எது செய்தாலும் #N/A அசிங்கமாக இருக்கிறது என்று இப்படி மட்டும் மூடிவிடாதீர்கள்:

```
=IFERROR(VLOOKUP(A2,Price!$A$2:$C$8,3,FALSE),0)
```

இப்போது கிடைக்காத சரக்கெல்லாம் இலவசம். 0க்குப் பதில் "விலை இல்லை" என்று வரவைத்தாலாவது விலையை அளவால் பெருக்கும் இடத்தில் #VALUE! வந்து காட்டிக்கொடுக்கும்.

பழைய பில்லெல்லாம் வெளியே போய்விட்டது என்றால், திருத்துவதற்கு முன் இப்போதைய விலைப் பத்தியை காப்பி செய்து பக்கத்தில் பேஸ்ட் வேல்யூஸாக ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபார்முலாவை மாற்றி, புதியதிலிருந்து பழையதைக் கழித்து, அளவால் பெருக்குங்கள். பூஜ்ஜியம் இல்லாத வரிகளை மட்டும் ஃபில்டர் செய்தால் யாரிடம் குறைவாக வாங்கினோம், யாரிடம் கூடுதலாக வாங்கினோம் என்று தனித்தனியாக வந்துவிடும். கூடுதலாக வாங்கியவர்களை முதலில் கூப்பிடுங்கள்.