ஒரே ஊரை இரண்டு மேப் இரண்டு இடத்தில் காட்டினால்

ஒரு ஊரின் பெயரை இரண்டு மேப்பில் தேடுகிறீர்கள். ஒன்று ஓரிடத்தைக் காட்டுகிறது, மற்றது அங்கிருந்து பல கிலோமீட்டர் தள்ளிக் காட்டுகிறது. அப்போது பெரும்பாலானவர்கள் "இந்த மேப்தான் எப்பவும் சரியா இருக்கும்" என்று பழகிய ஒன்றின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். எந்த மேப் நல்லது என்பதற்கு முன்னால், இரண்டும் ஒரே பொருளைத்தான் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் வடமேற்கில், மர்ரே ஆற்றங்கரையில் மில்டுரா என்ற ஊர் இருக்கிறது. 2012 செப்டம்பரில் ஐபோனில் வந்த புதிய ஆப்பிள் மேப்ஸ் இந்த ஊரைச் சுமார் 70 கி.மீ. தள்ளி, மர்ரே-சன்செட் தேசியப் பூங்காவின் நடுவில் காட்டியது. அதை நம்பி வண்டி ஓட்டிப் போனவர்கள் தண்ணீரும் சிக்னலும் இல்லாத புதர்க்காட்டில் மாட்டிக்கொண்டார்கள், சிலர் 24 மணி நேரம் வரை. அங்கே வெயில் 46 டிகிரி வரை போகும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அந்த டிசம்பரில் விக்டோரியா போலீஸ் எச்சரிக்கை விட்டது.

ஏன் அப்படி ஆனது? அரசின் இடப்பெயர்ப் பட்டியலில் மில்டுராவுக்கு இரண்டு பதிவுகள் இருந்தன: ஒன்று ஊர், இன்னொன்று அந்த ஊரின் பெயரையே கொண்ட உள்ளாட்சிப் பகுதி. அந்தப் பகுதியின் பரப்பு சுமார் 22,000 சதுர கி.மீ., ஊர் இருப்பதோ அதன் ஓரத்தில். அவ்வளவு பெரிய பகுதிக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தால் அது காட்டுக்குள்தான் விழும். அந்தப் புள்ளி ஒரு வகையில் சரியானதுதான், ஆனால் ஊருக்கான புள்ளி இல்லை. நம் பக்கத்திலும் மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் தலைநகரின் பெயரே இருப்பதால் இதே குழப்பம் வரலாம்.

இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது, ஆனால் பலரும் இதைச் செய்யாமல் பெயரையே திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அது அடுத்த தவறு. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள். ஒரு மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் (கணினியில் வலது கிளிக்) அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் கிடைக்கும். மில்டுரா ஊருக்கு அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
-34.19, 142.15
```

இதை அப்படியே மற்ற மேப்பின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். இரண்டிலும் ஆறும் தெருக்களும் ஒரே மாதிரி வந்தால், நிலத்தைப் பற்றி இரண்டுக்கும் தகராறே இல்லை, பெயரை எங்கே ஒட்டுவது என்பதில்தான் தகராறு. அப்புறம் மற்ற மேப் காட்டிய புள்ளியையும் சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஊர் என்றால் கூரைகள், தெருக்கள், சந்திப்புகள் தெரிய வேண்டும். வெறும் புதரும் மண்பாதையும் தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். OpenStreetMap பயன்படுத்துகிறவர்கள் அந்தப் பதிவைத் திறந்தால் `place=town` என்றோ `boundary=administrative` என்றோ எழுதியிருக்கும், ஊரா எல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும், கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்பதும் தெரியும்.

இன்னொரு தவறு, மூன்றாவதாக ஒரு மேப்பைத் திறந்து ஓட்டு எண்ணுவது. பவளக் கடலில் சாண்டி தீவு என்று ஒன்று கூகுள் மேப்ஸ் உட்பட பல மேப்களில் இருந்தது. 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று அங்கே போனபோது, கப்பலில் இருந்த கடல் வரைபடம் மட்டும் அந்த இடத்தில் ஆழ்கடலைக் காட்டியது. அளந்து பார்த்தால் ஆழம் 1,300 மீட்டருக்கு மேல், தீவே இல்லை. ஒரு பழைய தவறு தரவுத்தளத்தில் ஏறி, அங்கிருந்து பல மேப்களுக்குப் போயிருந்தது. ஒரே மூலத்திலிருந்து எடுத்த ஐந்து மேப் ஐந்து சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான். ஆகவே வேறு வழியில் கிடைத்த ஆதாரத்தைத் தேடுங்கள்: சாட்டிலைட் படம், தெருப் படம், அங்கே போய் வந்தவர் எடுத்த போட்டோ.

சாட்டிலைட் படத்துக்கும் ஒரு எல்லை உண்டு. அது கட்டடம் இருப்பதைச் சொல்லும், அதற்குள் எந்தக் கடை இருக்கிறது என்று சொல்லாது. ஒரு கிளினிக்கோ கடையோ இரண்டு மேப்பில் இரண்டு தெருவில் இருந்தால் பெரும்பாலும் அது இடம் மாறியிருக்கும், ஒரு மேப்பில் பழைய முகவரி அப்படியே தங்கியிருக்கும். அங்கே புள்ளியைப் பார்ப்பதைவிட, யாரோ கடைசியாகப் போட்ட போட்டோவின் தேதியைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் போன் செய்து, முகவரியைக் கேட்காமல், "வாசலுக்கு எதிர்ல என்ன இருக்கு?" என்று கேளுங்கள். வங்கி என்று சொன்னால், இரண்டு தெருவில் எதில் வங்கி இருக்கிறது என்று மேப்பில் பார்த்துக்கொள்ளலாம்.