அக்காவுக்கு டைப் 1, தம்பியின் ரிப்போர்ட்டில் இரண்டு பாசிட்டிவ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 15 மடங்கு அதிகம். அமெரிக்காவில் நான் வேலை செய்யும் குழந்தைகள் பிரிவில், அப்படிப்பட்ட உறவினர்களை ஆன்டிபாடி பரிசோதனைக்கு அழைக்கிறோம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலே தாக்கத் தொடங்கிவிட்டதா என்பதை, சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த ஆன்டிபாடிகள் காட்டிக்கொடுத்துவிடும். ரத்தம் எடுப்பதில் யாரும் தவறுவதில்லை. ரிப்போர்ட் வந்த பிறகுதான் எல்லாத் தவறுகளும் நடக்கின்றன. புதிதாகச் சேரும் செவிலியர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

ஒன்றையும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது

ஒரே ஒரு ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால், முதலில் புதிதாக ரத்தம் எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். சிலருக்கு அது பிறகு மறைந்தும் போகும். பின்லாந்து, ஜெர்மனி, அமெரிக்காவின் கொலராடோ ஆகிய இடங்களில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே கவனித்த ஆய்வுகளின் முடிவு 2013-இல் வெளியானது. ஒரு ஆன்டிபாடி மட்டும் இருந்த குழந்தைகளில் 10 ஆண்டுகளுக்குள் நோய் வந்தது நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு. இரண்டோ அதற்கு மேலோ இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 70 பேருக்கு வந்தது. ஆகவே இரண்டு பாசிட்டிவ் உறுதியாகிவிட்டால், சர்க்கரை இயல்பாக இருந்தாலும் அதை நோயின் முதல் நிலை என்றே கொள்கிறோம்.

"சர்க்கரை நார்மல்தானே?"

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனை அழைத்துவந்தார். அக்காவுக்கு டைப் 1. பையனுக்கு இரண்டு ஆன்டிபாடிகள் பாசிட்டிவ் என்று ஓராண்டுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பார்த்தார்கள் மேடம், இரண்டும் நார்மல். கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்றார். ரிப்போர்ட் அப்படியே கோப்புக்குள் போய்விட்டது.

அந்த இரண்டு அளவுகளும் பெரும்பாலும் கடைசியாகத்தான் கெடும். முதலில் தடுமாறுவது, சாப்பிட்ட பிறகு வரும் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன். அதைக் கண்டுபிடிக்கக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்துப் பார்க்க வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்கு 1.75 கிராம், அதிகபட்சம் 75 கிராம் என்பது கணக்கு. பையன் 28 கிலோ என்பதால் 49 கிராம் கொடுத்தோம். வெறும் வயிற்றில் 92. மூன்று மாதச் சராசரி 5.4. இரண்டுமே நல்ல பிள்ளைகள்தான். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 162 இருந்தது. அது 140-க்குள் இருக்க வேண்டும். 200 வந்தால் நோயின் எல்லை. இன்னொரு நாள் மறுபடி செய்தபோதும் 140-ஐத் தாண்டியது. அவன் இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டான்.

இந்த இரண்டாம் நிலை ஏன் முக்கியம் என்றால், அமெரிக்காவில் 2022-இல் அனுமதி பெற்ற டெப்லிசுமாப் என்ற மருந்து, நோயைத் தள்ளிப்போடுவதற்கு இந்த நிலையில்தான் கொடுக்கப்படுகிறது. 14 நாள், தினமும் ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும். 76 உறவினர்களிடம் நடந்த ஆய்வில், மருந்து பெறாதவர்களுக்கு நோய் வர ஆன இடைநிலைக் காலம் சுமார் 24 மாதம். பெற்றவர்களுக்குச் சுமார் 48. நோயைத் தள்ளிப்போடும், தடுக்காது என்பதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கவனிக்காமல் விட்டு, சர்க்கரை நோயின் எல்லையைத் தொடும் மூன்றாம் நிலைக்குப் போய்விட்டால் இந்த வாய்ப்பு இல்லை. அந்தப் பையன் வயதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். பார்க்காமலே ஓர் ஆண்டு போயிருக்கிறது. அவன் தப்பியது அதிர்ஷ்டம்.

இனிப்பை நிறுத்துவது

நோயைத் தடுக்க இதனால் பயனில்லை. குளுக்கோஸ் பரிசோதனைக்கு முந்தைய நாள்களில் சோறு, ரொட்டியைக் குறைத்தால் அளவு பொய்யாக ஏறவும் கூடும்.

தடுப்பூசியை மறப்பது

தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் டெப்லிசுமாப் தொடங்குவதற்கு எட்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு நெகட்டிவோடு முடித்துக்கொள்வது

சிறு குழந்தைக்குச் செல்லாது. மறுபடியும் பாருங்கள்.

மருந்து கிடைக்காவிட்டால் தெரிந்து என்ன பயன் என்பது

முன்னறிவிப்பு இல்லாத வீட்டில், குழந்தை மூச்சிரைத்து, வாந்தியெடுத்து, இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் நிலையில் தீவிர சிகிச்சைக்கு வந்த பிறகுதான் பலருக்கு நோயே தெரியவருகிறது. கண்காணிப்பில் உள்ள குழந்தைகளில் அப்படி வருபவர்கள் மிகக் குறைவு. இரண்டு பாசிட்டிவ் வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குளுக்கோமீட்டர் கொடுத்து, அதைப் பயன்படுத்தவும் கற்றுக்கொடுக்கிறோம். தாகம் கூடினால், படுக்கையை நனைக்காத பிள்ளை நனைக்கத் தொடங்கினால், எடை குறைந்தால் உடனே விரலில் குத்திப் பார்க்கச் சொல்கிறோம். 200-ஐத் தாண்டினால் காலைவரை காத்திருக்காமல் அன்றே அழைக்க வேண்டும்.