கிளவுட் ரன்னில் கொழுந்துக் கணக்கு: எங்கே தவறுகிறோம்?

கொண்டெய்னர் இமேஜ் ஒன்றைக் கொடுத்தால் போதும், கிளஸ்டரும் சேர்வரும் நம் தலைவலி இல்லை என்று சொல்லும் சேவைகள் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அமேசானின் ஃபார்கேட் 2017 இலும் கூகுளின் கிளவுட் ரன் 2019 இலும் வந்தன. சொன்னபடியே அவை வேலை செய்கின்றன. ஆனால் சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போடு இன்னொன்றையும் நாம் கொடுத்துவிடுகிறோம். கொண்டெய்னர் எப்போது பிறக்க வேண்டும், எத்தனை பிரதிகள் ஓட வேண்டும், எப்போது சாக வேண்டும் என்பதெல்லாம் இனி அவர்கள் முடிவு. நம் நிரலோ இன்னும் ஒரே இயந்திரத்தில் இரவும் பகலும் ஓடுவதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். இங்கே விழும் அடிகளில் பெரும்பாலானவை அதனால்தான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குக் கொழுந்துக் கணக்குச் செயலி எழுதுகிறோம். அறுநூறு தொழிலாளர்கள். நிறுவை நடக்கும் இடத்தில் யாருக்கு எத்தனை கிலோ என்று போனில் பதிகிறார்கள். பாதி மலைகளில் சிக்னல் கிடையாது. அதனால் பதிவுகள் போனிலேயே தங்கி, ஃபெக்டரிப் பக்கம் வந்ததும் மொத்தமாக மேலே போகின்றன. பின்னால் நோட் ஜேஎஸ்ஸில் எழுதிய ஏபிஐ ஒன்று கிளவுட் ரன்னில் ஓடுகிறது, பக்கத்தில் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். கூகுளுக்கு இலங்கையில் ரீஜியன் இல்லாததால் இரண்டையும் மும்பையில் வைக்கிறோம். ஒன்றை மும்பையிலும் மற்றதைச் சிங்கப்பூரிலும் வைத்தால் ஒவ்வொரு கேள்விக்கும் கடல் தாண்ட வேண்டியிருக்கும்.

பதில் அனுப்பிய பிறகும் வேலை நடக்கும் என்று நம்புவது

மாதக் கடைசி. ஆபீஸ் கிளாக்கர் ‘சம்பளச் சீட்டு தயாரி’ என்ற பட்டனை அழுத்துகிறார். அறுநூறு பிடிஎஃப் செய்ய நேரமாகும் என்பதால், ஏபிஐ உடனே ‘தயாராகிறது’ என்று பதில் சொல்லிவிட்டுப் பின்னணியில் வேலையைத் தொடர்கிறது. சாதாரண சேர்வரில் இது நன்றாக ஓடும்.

கிளவுட் ரன்னின் இயல்பான அமைப்பில் கோரிக்கை ஒன்றைக் கையாளும் நேரத்துக்கு மட்டுமே சிபியு கிடைக்கும். பதில் போன அடுத்த கணமே அதைக் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்குக் குறைத்துவிடுவார்கள். கொண்டெய்னர் செத்துப்போகவில்லை, உறைந்து நிற்கிறது. வேறு யாராவது ஒரு கோரிக்கை அனுப்பினால் விழித்து நாலைந்து சீட்டு செய்துவிட்டு மறுபடியும் உறைகிறது. வேலையில்லாத பிரதியைப் பதினைந்து நிமிடம் வரை வைத்திருந்துவிட்டு அகற்றிவிடவும் கூடும்.

இந்தத் தவறு சோதனையில் அகப்படாது என்பதுதான் வேடிக்கை. ‘முடிந்ததா’ என்று பார்க்க நீங்கள் பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்துகொண்டே இருப்பீர்கள். அந்த ரிஃப்ரெஷ்தான் அதற்குச் சிபியு வாங்கிக் கொடுக்கிறது. கிளாக்கரோ பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார், 140ஆவது சீட்டோடு எல்லாம் நின்றிருக்கும். இதைக் கண்டுபிடிக்க லொக்கில் நேரத்தைப் பாருங்கள். சீட்டு வரிகள் சீராக வராமல், வேறு கோரிக்கைகள் வந்த நொடிகளில் மட்டும் கொத்துக் கொத்தாக இருந்தால் காரணம் இதுதான்.

சிபியுவை எப்போதும் கொடுக்கும்படி அமைப்பை மாற்றலாம். ஆனால் பிரதி உயிரோடு இருக்கும் நேரம் முழுவதற்கும் காசு. அப்படியும் அவர்கள் அதை மூட நினைத்தால் SIGTERM அனுப்பிப் பத்து நொடிதான் தருவார்கள். மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலைக்கு அது தேவையில்லை. அதே இமேஜை ஜொப் ஆக ஓட்டுவதே சரி, அந்த ஜொப்பை உருவாக்குவது இப்படி:

```
gcloud run jobs create sambala-seettu \
  --image IMAGE_URL --region asia-south1 \
  --command node --args payslips.js \
  --task-timeout 60m
```

கடைசி வரியை மறக்க வேண்டாம். சொல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். இன்னொன்று, ஜொப் தோற்றுப்போனால் தானாகவே மூன்று முறை வரை மறுபடி முயலும், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. யாருடைய சீட்டு முடிந்தது என்பதைத் தரவுத்தளத்தில் குறித்துக்கொண்டே போனால்தான் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

நிரலுக்குள்ளேயே க்ரொன் வைத்து நள்ளிரவில் கணக்கை முடிப்பதும் இதே தவறுதான். நள்ளிரவில் யாரும் கோரிக்கை அனுப்பாததால் பிரதி ஒன்றுகூட உயிரோடு இருக்காது. இருந்தால் இன்னும் மோசம். மூன்று பிரதிகள் இருந்தால் மூன்றும் கணக்கை முடிக்கும். நேரத்தைக் கிளவுட் ஷெடியூலரிடம் விட்டு, நேர வலயத்தை `Asia/Colombo` என்று கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் சொன்ன நள்ளிரவு இங்கே விடியற்காலை ஐந்தரையாகிவிடும்.

கொண்டெய்னரின் டிஸ்க்கை டிஸ்க் என்று நினைப்பது

கிளவுட் ரன்னில் `/tmp` இல் எழுதும் கோப்பு இயல்பாக மெமரியில்தான் உட்காருகிறது. அறுநூறு பிடிஎஃப்பை அங்கே சேர்த்து ஸிப் செய்தால், ஒன்று 200 கேபி என்றாலும் 120 எம்பி போய்விட்டது. மெமரியின் இயல்பான அளவே 512 எம்பிதான். நிரலில் கசிவு எதுவும் இல்லாமலேயே `Memory limit of 512 MiB exceeded` என்ற வரி லொக்கில் வந்தால், முதலில் எங்கே கோப்பு எழுதுகிறோம் என்று தேடுங்கள். மெமரியைக் கூட்டுவது அடுத்த மாதம் வரை தாங்கும். கோப்பைச் செய்யச் செய்ய கிளவுட் ஸ்டோரேஜுக்கு அனுப்பிவிட்டு உள்ளூரில் அழித்துவிட்டால் பிரச்சினையே எழாது.

ஹயருக்குப் பிடித்த முச்சக்கரவண்டியின் சீட்டில் பையை வைத்துவிட்டு இறங்குவது போலத்தான் இது. அடுத்த முறை வருவது வேறு வண்டி. எஸ்க்யூலைட் கோப்பை இமேஜுக்குள் வைத்து ஓட்டுபவர்களுக்கு இது விநோதமாகத் தெரியவரும். காலையில் போட்ட நிறுவை திரையில் இருக்கும், ரிஃப்ரெஷ் செய்தால் காணாமல் போகும், இன்னொரு ரிஃப்ரெஷில் திரும்பி வரும். இரண்டு பிரதிகள், இரண்டு தனித்தனிக் கணக்குகள். பிரதி மூடப்பட்டால் அதன் கணக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

சேவை பெருகும்போது தரவுத்தளமும் பெருகும் என்று நினைப்பது

எனக்குக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுதான் பொல்லாதது. கிளவுட் ரன் பெருகிக் கொடுக்கும், ஆனால் அதன் பின்னால் நிற்கும் போஸ்ட்கிரெஸ் பெருகாது.

மாலை நிறுவை முடிந்து நாற்பது போன்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சிக்னலுக்குள் வருகின்றன. ஒவ்வொரு போனும் தேங்கிய பதிவுகளை எட்டெட்டாக ஒரே நேரத்தில் அனுப்பினால் 320 கோரிக்கைகள். ஒரு பிரதி ஒரே நேரத்தில் இயல்பாக 80 கோரிக்கைகளை ஏற்கும் என்பதால் நான்கு பிரதிகளாவது வேண்டும். சிபியு எவ்வளவு உழைக்கிறது என்பதையும் பார்த்துத்தான் பெருக்குவார்கள் என்பதால் ஆறு ஏழுகூட எழும்பலாம். நோட் ஜேஎஸ்ஸின் `pg` நூலகம் ஒரு பிரதிக்கு இயல்பாகப் பத்து இணைப்புகள் வரை திறக்கும். நாம் சிக்கனமாக எடுத்த சிறிய தரவுத்தளம், `db-g1-small`, இயல்பில் மொத்தமே ஐம்பது இணைப்புகள்தான் தாங்கும். ஐந்தாவது பிரதியோடு கதை முடிந்தது:

```
FATAL: sorry, too many clients already
```

பிழை வந்த போன் சும்மா இருக்காது, மறுபடி அனுப்பும். கூட்டம் இன்னும் பெருகும், பிரதிகள் இன்னும் எழும்பும். அரை மணி நேரத்தில் பிரதிகள் குறைந்து எல்லாம் தானாகச் சரியாகிவிடுவதால், ‘நெட்வொர்க் பிரச்சினை’ என்று சொல்லி மறந்துவிடுவார்கள். மலைநாட்டில் அந்தக் காரணத்தை யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். தினமும் அதே நேரத்தில் வருகிறதா என்று பாருங்கள்.

கணக்கைத் தரவுத்தளத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ஐம்பதில் பராமரிப்புக்கும் ஜொப்புக்கும் பத்தை ஒதுக்கினால் மிச்சம் நாற்பது. புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய பிரதிகளும் புதியவையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும் என்பதால் அதில் பாதி, இருபது. ஒரு பிரதிக்கு ஐந்து இணைப்புகள் என்று `pg` இல் குறைத்தால் நான்கு பிரதிகள் வைக்கலாம்.

```
gcloud run services update kolundu-api \
  --region asia-south1 --max-instances 4
```

திடீர்க் கூட்டத்தில் இந்த உச்சவரம்பையும் கொஞ்ச நேரம் தாண்டக்கூடும். அதனால் கணக்கை விளிம்பு வரை இழுக்க வேண்டாம். நான்கும் நிரம்பிவிட்டால் சில கோரிக்கைகளுக்கு 429 என்ற பதில் போகும். அது பிழையல்ல, நாம் கேட்டு வாங்கியது. போன் செயலி அதைப் பார்த்துக் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு நிறுவைக்கும் போனிலேயே ஓர் அடையாளம் கொடுத்து, தரவுத்தளத்தில் அதை யுனிக் ஆக்கி, `ON CONFLICT DO NOTHING` போட்டுவிட்டால் எத்தனை முறை அனுப்பினாலும் ஒரே பதிவுதான். இல்லாவிட்டால் ஒருவரின் பதினெட்டுக் கிலோ சம்பளத்தில் முப்பத்தாறாக ஏறும். எட்டுக் கோரிக்கைகளுக்குப் பதில் தேங்கிய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே கோரிக்கையில் கட்டி அனுப்பினால் 320 நாற்பதாகிவிடும். உண்மையில் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

சரி, கோரிக்கையே இல்லாதபோது பிரதி பூச்சியத்துக்கு இறங்குவதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் முதல் போனுக்குக் கொண்டெய்னர் எழும்பும் வரை சில நொடிகள் காத்திருப்பு. போன் செயலி ஐந்து நொடியில் கைவிடும்படி எழுதியிருந்தால் அதை முதலில் நீட்டுங்கள். `--min-instances 1` என்பது காசு கொடுத்து வாங்கும் தீர்வு, கடைசியில் யோசிக்கலாம்.

இந்த விதிகளை எல்லாச் சேவைகளுக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஃபார்கேட்டில் ஓடும் டாஸ்க் பதில் அனுப்பியதும் உறையாது, டிஸ்க்கும் இயல்பாக 20 ஜிபி உண்டு, டாஸ்க்கோடு அழிந்துபோனாலும். ஆனால் கோரிக்கை இல்லை என்பதற்காக அது தானாகப் பூச்சியத்துக்கு இறங்காது. யாரும் தொடாத ஞாயிற்றுக்கிழமைக்கும் பில் வரும்.

அப்புறம், கிளவுட் ரன்னுக்குள் எந்த வழியிலும் வராத வேலை ஒன்று. கொழுந்து லொறிகளில் பூட்டும் ஜிபிஎஸ் கருவிகளில் பல, ஹெச்டிடிபி பேசாமல் நேரடி டிசிபியில் தரவை அனுப்புபவை. கிளவுட் ரன் சேவை வெளியிலிருந்து ஏற்பது ஹெச்டிடிபி, வெப்சொக்கெட், ஜிஆர்பிசி குடும்பத்தை மட்டும்தான். வெப்சொக்கெட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்காது, போன் மறுபடி இணைய வேண்டும். லொறிக் கருவிகளுக்கு ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரத்தை எடுத்து, டிசிபியில் வருவதை வாங்கி ஹெச்டிடிபியாக மாற்றி ஏபிஐக்கு அனுப்பும் நிரலை அதில் ஓட விடுங்கள். ஏபிஐ இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.