கேற்றுக்கு எனமல் அடிக்கப் போகிறீர்களா? எதைக் கலப்பது?

எங்கள் கிளிநொச்சி வீட்டு இரும்புக் கேற்றுக்கு நான் முதல்முறை எனமல் அடித்தபோது, வீட்டில் இருந்த மண்ணெண்ணெயையே பெயின்ற்றில் ஊற்றினேன். மூன்றாம் நாளும் பெருவிரலை வைத்தால் ஒட்டியது. அதற்குள் றோட்டுச் செம்மண் புழுதி முழுக்க அதில் அப்பி, பச்சைக் கேற் பழுப்பாகிவிட்டது.

மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும், கொஞ்சம் எண்ணெய்ப் பசையையும் விட்டுப் போகும். அதனால் பூச்சு இறுகப் பிந்தும், பளபளப்பும் மங்கும். பிரஷ்ஷால் அடிக்கும் எனமலுக்கு ஏற்றது ஹாட்வெயார் கடைகளில் விற்கும் மினரல் டர்பன்டைன். படம் வரையும் எண்ணெய் வர்ணத்துக்கு பைன் மரப் பிசினில் எடுக்கும் டர்பன்டைன் நல்லது, விலைதான் கூட. ஸ்பிறே வேலைக்கான என்.சி. தின்னரைப் பழைய எனமலின் மேல் பட விடாதீர்கள். அடிப் பூச்சு சுருங்கி, தோல் உரிந்ததுபோல் கிளம்பிவிடும்.

சரி, செய்முறை.

1. துருவையும் பழைய மினுக்கத்தையும் சாண்ட்பேப்பரால் தேய்த்து, டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள்.

2. பெயின்ற்றை அடிவரை கிளறுங்கள். ஒரு லீற்றருக்கு 50 மி.லீ. டர்பன்டைன் விட்டு, குச்சியைத் தூக்கிப் பாருங்கள். அறாமல் ஒழுகினால் போதும். திரண்டு சொட்டினால் இன்னும் கொஞ்சம் விடலாம், ஆனால் 100 மி.லீ.க்கு மேல் போனால் கம்பியில் வழியும்.

3. காலையில், கேற் சூடேறுமுன் மெல்லிதாக அடியுங்கள். அடுத்த கோட் மறுநாள்.

4. பிரஷ் கழுவத்தான் மண்ணெண்ணெய். கழுவியதை மூடிய ரின்னில் ஓர் இரவு வைத்தால் வர்ணம் அடியில் படியும், மேலே தெளிந்ததைத் திரும்பப் பாவிக்கலாம். பிறகு பிரஷ்ஷைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள்.

இனி நெருப்பு. தின்னர் குளிர்ந்த அறையிலும் பற்றும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் ஏறக்குறைய 40 பாகையில்தான் அந்த நிலைக்கு வரும் என்பார்கள், ஆனால் வன்னி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் 40 பாகை பெரிய விசயமா? இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, நிலத்தோடு ஊர்ந்து போகும். பக்கத்துக் குசினி விறகடுப்போ, வாசலில் புகையும் நுளம்புத்திரியோ அதற்குப் போதும்.

பெயின்ற் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய்ப் பெயின்ற் காயும்போது சூடு வரும், கசங்கிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே பற்றலாம். ஆளிவிதை எண்ணெய்த் துணி இன்னும் மோசம். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ரின்னில் அமிழ்த்துங்கள்.

ரின் பற்றினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், எரிகிற எண்ணெய் தண்ணீரில் மிதந்து பரவும். மூடியைப் போடுங்கள், அல்லது மண்ணை அள்ளிக் கொட்டுங்கள். நான் வேலை தொடங்கும்போதே ஒரு வாளி மணலைக் கேற்றடியில் வைத்துவிடுவேன்.