"தாய்க்கு விழிப்புணர்வு இல்லை" என்று எழுதுவதற்கு முன்

சமுதாயச் செவிலியர்களின் பராமரிப்புத் திட்டங்களில் "தாய்க்குப் போதிய விழிப்புணர்வு இல்லை" என்ற வரி அடிக்கடி வரும். அதை எழுதியதும் "நலக்கல்வி அளிக்க வேண்டும்" என்ற அடுத்த வரி தானாக வந்துவிடும். வறுமையாலும் தண்ணீராலும் வந்த நோய்க்கு அம்மாவைக் காரணமாக்கும் இந்த வரிதான் என் கணக்கில் முதல் தவறு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 14 மாதக் குழந்தைக்கு இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக வயிற்றுப்போக்கு. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், கை கழுவுங்கள், ஓஆர்எஸ் கொடுங்கள் என்று திட்டம் சொல்கிறது. அம்மா தலையாட்டுகிறார். ஆனால் அவர் தினக்கூலிக்குப் போகிறவர். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பள்ளியிலிருந்து நின்றுவிட்ட 11 வயது அக்கா. பகலில் வந்த செவிலியர் அம்மாவைச் சந்தித்ததே அவர் அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததால்தான். கற்றுக்கொள்ள வேண்டிய அக்காவிடம் யாரும் பேசவில்லை.

அந்த அக்கா ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைக்கிறாள். பொட்டலத்தில் எழுதியிருப்பதை வாசிக்க அவளுக்குத் தெரியாது, வீட்டில் அளவுப் பாத்திரமும் இல்லை. உப்புச் செறிவு கூடிய கரைசலால் இரத்தத்தில் சோடியம் ஏறும், குழந்தையின் நிலை மோசமாகும். "புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதனால் அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே ஒரு லிட்டர் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு, அவளையே கலக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும்.

கொதிக்க வைக்கச் சொல்வதும் எரிபொருளுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்காமல் சொல்லப்படுகிறது. அந்தக் காசு இல்லாத வீட்டில் குளோரின் மாத்திரை பொருந்தும். கலங்கிய தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டி, மாத்திரை போட்ட பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் சேமிக்கும் பாத்திரம். வாய் அகன்ற டிரம்மில் கையோடு டம்ளரை விட்டு மொண்டால் சுத்தம் செய்த தண்ணீரும் மறுபடி கெட்டுப்போகும்.

கழிப்பறை இருக்கிறதா என்ற கட்டத்தில் "ஆம்" என்று குறித்துவிட்டு நகர்வது இன்னொரு தவறு. குழந்தையின் மலம் எங்கே போகிறது என்று கேளுங்கள். அது வாசலோரம் கொட்டப்படுகிறது என்றால் அந்த "ஆம்" பயன்படாது.

அக்காவின் படிப்பையும் திட்டத்தில் எழுத வேண்டும். பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் கிடைக்குமா என்று விசாரித்து, பள்ளியிடமும் சமூகப் பணியாளரிடமும் பேசுவதைத் தேதியோடு குறிக்கலாம். செவிலியர் தனியாக முடிக்கக்கூடிய வேலை இல்லைதான், ஆனாலும் எழுதாத வேலையை யாரும் தொடர மாட்டார்கள்.

அடுத்த சந்திப்பை அம்மாவும் அக்காவும் சேர்ந்து இருக்கும் மாலையில் வையுங்கள். வயிற்றுப்போக்குக்காக ஓஆர்எஸ்ஸோடு கொடுக்கும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றதும் பல வீடுகளில் நிறுத்திவிடுவார்கள். இந்த வயதுக்குத் தினம் 20 மில்லிகிராம் வீதம் 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டும். கொடுத்தீர்களா என்று கேட்பதைவிட மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பாருங்கள்.