நேரில் கொடுக்கும் கடிதத்தில் முகவரி, தேதி, பொருள், விளி

கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் கடிதத்துக்குத் தபால் முத்திரை கிடையாது, உறையையும் பிரித்ததுமே தூக்கிப் போட்டுவிடுவார்கள், அதனால் யார், எப்போது கொடுத்தார் என்பதைத் தாளே சொல்லியாக வேண்டும். அனுப்புநர் முகவரியை உறையில் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். தாளின் மேலே பெயர், வீட்டு எண், தெரு, ஊர், கைபேசி எண் என்று வரிக்கு ஒன்றாக வரட்டும்.

தேதியில்தான் அதிகம் சறுக்குகிறது. தட்டச்சு செய்த நாளைப் போடாமல் கொடுக்கப்போகும் நாளைப் போடுங்கள், மாதத்தையும் எழுத்தில் எழுதுங்கள், ஏனென்றால் 03/04 என்பதை ஒருவர் ஏப்ரல் என்பார், இன்னொருவர் மார்ச் என்பார். வேர்டில் தேதியைச் செருகும்போது Update automatically என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு நகல் எடுக்கக் கோப்பைத் திறக்கும்போது அன்றைய தேதி வந்து உட்கார்ந்துகொள்ளும், அவர்களிடம் உள்ள கடிதமும் உங்கள் நகலும் ஒத்துப்போகாது.

பொருள் வரி ஒன்றே போதும், ஆனால் அதில் இடமும் கோரிக்கையும் இருக்க வேண்டும். ‘பொருள்: புகார் தொடர்பாக’ என்றால் யார் மேசைக்குப் போக வேண்டும் என்றே தெரியாது. ‘பொருள்: 3ஆம் தளம், வீட்டு எண் 12, குளியலறைக் கூரைக் கசிவைச் சரிசெய்யக் கோருதல்’ என்றால் வாங்குபவர் உள்ளே படிக்காமலே உரியவரிடம் தள்ளிவிடுவார்.

விளி, பெறுநர் வரியோடு பொருந்த வேண்டும். பெறுநரில் ‘செயலாளர்’ என்று பதவி மட்டும் இருந்தால் ‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,’ சரி. பெயர் தெரிந்தால் ஐயா, அம்மையீர் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரண்டு பிரதி அச்சிட்டுப் போங்கள், ஒன்றில் பெற்றவரின் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளலாம்.