கிட்னி டாக்டர்: நெஃப்ராலஜியா, யூராலஜியா?

"கிட்னிக்கு யாருங்க நல்லா பாக்கறாங்க?" என்று கோவையிலோ ஈரோட்டிலோ விசாரித்தால் இரண்டு துறைகள் காதில் விழும். இரண்டுமே சிறுநீரகத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் பார்க்கிற வேலை வேறு.

முதலில் பெயரின் வாலை ஒதுக்குங்கள். 'லஜி' என்பது 'லோகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றைப் பற்றிய படிப்பு என்று பொருள். அது பல துறைகளுக்குப் பொது. நமக்கு வேண்டியது தலைப்பகுதி. 'கார்டியா' இதயம், 'நெஃப்ரோஸ்' சிறுநீரகம், 'ஊரோன்' சிறுநீர், 'நியூரான்' நரம்பு. போனில் நெஃப்ரோவும் நியூரோவும் ஒன்றுபோலக் கேட்கும். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது "சிறுநீரக டாக்டர்தானுங்களே?" என்று தமிழிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து பட்டத்தைப் பாருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். கல் இருப்பது சிறுநீரகத்தில், அதனால் நெஃப்ராலஜி என்று போய்விடுகிறார்கள். வேர்ச்சொல் உறுப்பைத்தான் காட்டும். மருந்தா, அறுவை சிகிச்சையா என்று காட்டாது. அதைப் பட்டம் காட்டும். நெஃப்ராலஜிக்கு டி.எம்., அது மருந்து வழி. டயாலிசிஸும் இவர்கள் பொறுப்பு. யூராலஜிக்கு எம்.சிஎச்., அது அறுவை வழி. டி.என்.பி. என்றிருந்தால் பக்கத்தில் எழுதியுள்ள துறையைப் படியுங்கள்.

இனி பொருத்திப் பார்ப்போம். திருப்பூரில் அயர்ன் டேபிளில் நாள் முழுக்க வேர்த்துக்கொண்டு நிற்பவருக்குத் திடீரென விலாவிலிருந்து அடிவயிறு வரை வலி இழுக்கிறது, சிறுநீர் சிவக்கிறது. ஸ்கேனில் சிறுநீர்க் குழாயில் 8 மி.மீ. கல். 5 மி.மீ.க்கும் சிறியது என்றால் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். இந்த அளவு அடைத்து நிற்க வாய்ப்பு அதிகம். யூராலஜிக்குப் போக வேண்டும். வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அவருடைய அப்பாவுக்குப் பல வருடச் சர்க்கரை. கால் வீங்குகிறது, சிறுநீரில் நுரை நிற்கிறது, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு 2.1 (பெரியவர்களுக்குச் சுமார் 0.6 முதல் 1.2 வரை இருக்கலாம்). வலி ஏதும் இல்லை. கெட்டிருப்பது குழாய் அல்ல, வடிகட்டி. இவருக்கு நெஃப்ராலஜி.

ஒரு விதிவிலக்கு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். வயதான ஆணுக்குச் சிறுநீர் முக்கி முக்கிச் சொட்டாக வருகிறது, கிரியேட்டினினும் ஏறியிருக்கிறது, ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கின்றன என்றால் புரோஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர் வழியை அடைத்திருக்கலாம். ரிப்போர்ட்டைப் பார்த்தால் நெஃப்ராலஜி மாதிரிதான் தெரியும். ஆனால் முதலில் போக வேண்டியது யூராலஜிக்கு. அடைப்பைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் கிரியேட்டினினும் இறங்க வாய்ப்புண்டு.